தாத்தாவோட பழைய பேப்பர்ல இருந்த ஒரு நம்பர்

கண்ணா,

போன்ல சொல்லலாம்னுதான் நெனச்சேன், ஆனா நீ வேலையில இருப்ப, பாதி கேட்டுட்டு அப்புறம் பேசறேம்மான்னு வச்சிடுவ. இது பாதில நிக்கிற விஷயம் இல்ல, அதான் எழுதறேன். மெதுவா முழுசா படி.

தாத்தா போனதுக்கு அப்புறம் அவரோட ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் பீரோவுக்கு அடியில மூணு பையில அப்படியே கெடந்துச்சு. என்னால அதை தொட முடியல. பையை திறந்தாலே அவரு கையெழுத்து, சீட்டு ஓரத்துல "காலை 1, இரவு 1"ன்னு எழுதி வச்சிருப்பாரு, பாத்ததும் திரும்ப மூடிடுவேன். தூக்கி போட்டுடலாம்னு கூட ஒரு நாள் தோணிச்சு. அப்பதான் உன் தங்கச்சி லீவுக்கு வந்தவ, அம்மா நீ எதையும் தொடாத, நான் பாத்துக்கறேன்னு ஹால்ல தரையில உக்காந்துட்டா.

அவ செஞ்ச விதம் எனக்கு ரொம்ப பிடிச்சது. மொதல்ல எதையும் படிக்கவே இல்ல. ஒவ்வொரு பேப்பர்லயும் தேதி எங்க இருக்குன்னு மட்டும் தேடி, வலது பக்க மேல் மூலையில பென்சில்ல வருஷத்தை எழுதி, வருஷம் வருஷமா தரையில அடுக்கினா. இதய டாக்டர், கண் டாக்டர், முட்டி வலி டாக்டர்னு பிரிச்சா ஆகாதாடின்னு கேட்டேன். அப்படி பிரிச்சா எது முன்னாடி நடந்துச்சு எது பின்னாடி நடந்துச்சுன்னு தெரியாதும்மா, உடம்பு ஒண்ணுதானேன்னா. பாட்டியோட ரிப்போர்ட் ஏழெட்டு கலந்து கெடந்துச்சு, தாத்தா பேர்லயே வேற யாருக்கோ எடுத்த ரத்த டெஸ்ட் கூட ஒண்ணு இருந்துச்சு, வயசு 34ன்னு போட்டிருந்ததால கண்டுபிடிச்சா. தேதியே இல்லாத சீட்டுங்களை தனியா வச்சு, அதுல எழுதியிருந்த வயசை வச்சு வருஷம் கணக்கு போட்டா. அதுலயும் சிக்கல், ஒரே வருஷத்து ரெண்டு சீட்டுல ஒண்ணு 52ங்குது இன்னொண்ணு 54ங்குது, கவுண்டர்ல யாரு என்ன சொன்னாங்களோ.

பழைய ஈசிஜி எல்லாம் கிட்டத்தட்ட வெள்ளை பேப்பர் ஆயிடுச்சுடா. அது சூட்டுல அச்சாகுற பேப்பராம், நாளாக நாளாக மங்கிடுமாம், பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சா இன்னும் சீக்கிரம் அழியுமாம். நான்தான் பத்திரமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் கவர்ல போட்டு வச்சேன். லேமினேட் பண்ணலாமான்னு கேட்டேன், அந்த சூட்டுல முழுசா கறுத்துடும்னு பதறிட்டா. லேசா கோடு தெரிஞ்சதை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்துட்டு சாதா காகித உறையில போட்டு வச்சிருக்கா.

இப்ப விஷயத்துக்கு வரேன். தாத்தாவுக்கு ஹார்ட் பிரச்சினை எப்ப வந்துச்சுன்னு கேட்டா நம்ம வீட்ல எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம், 61 வயசுல ஸ்டென்ட் வச்சாங்களே அப்பன்னு. நானும் எந்த டாக்டர் கேட்டாலும் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா அந்த 2007 டிஸ்சார்ஜ் சம்மரியில நாலாவது வரியில பழைய மாரடைப்பு, 1998ன்னு எழுதியிருக்கு. யாரு கண்ணுலயும் படல. உன் தங்கச்சி 1998 அடுக்கை தேடினா, அடியில ஒரு டைப் அடிச்ச சம்மரி, மடிப்புல கிழிஞ்சு போய் இருந்துச்சு. தாத்தாவுக்கு அப்ப 52. எனக்கு அப்பதான் ஞாபகம் வருது, அந்த வருஷம் அவரு வாயுப்பிடிப்புன்னு சொல்லி ஆஸ்பத்திரியில ஒரு வாரம் இருந்தாரு, எங்க கிட்ட அவ்வளவுதான் சொன்னாரு. நாங்க பயந்துடுவோம்னு மறைச்சிருக்காரு போல. எவ்வளவு நாள் தனியா சுமந்தாரோ, நெனச்சா மனசு தாங்கல.

அந்த சம்மரியோட பின் அடிச்சு ஒரு ரத்த ரிப்போர்ட். மொத்த கொலஸ்ட்ரால் 310, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்வாங்களே அந்த எல்டிஎல் 240. அதுக்கு அப்புறம் இருக்கற ரிப்போர்ட் எல்லாத்துலயும் எல்டிஎல் 88, 96ன்னு அழகா இருக்கு. அதை பாத்துதான் நாம எல்லாரும் தாத்தாவுக்கு கொலஸ்ட்ரால் எல்லாம் கெடையாது, ஒல்லியான உடம்புன்னு சொல்லிட்டு இருந்தோம். அது மாத்திரை போட்டதால இறங்கின நம்பர்டா. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது அந்த ஒரே ஒரு பேப்பர்தான். மூணு பையில இருந்த அத்தனை காகிதத்துல நமக்கு வேண்டியது அதுல மட்டும்தான் இருந்துச்சு.

நானும் அவளும் அதை எடுத்துக்கிட்டு டாக்டர் கிட்ட போனோம். அப்பாவுக்கு 55 வயசுக்கு முன்னாடியே மாரடைப்பு வந்திருந்தா பிள்ளைங்களுக்கு அதை தனி கணக்கா எடுத்துப்பாங்களாம், அதனால 52ஆ 54ஆங்கற குழப்பம் இங்க ஒண்ணும் பெரிசில்ல. எல்டிஎல் 190க்கு மேல இருந்தா பரம்பரையா வர்ற கொலஸ்ட்ராலா இருக்குமோன்னு சந்தேகப்படணுமாம். தாத்தாவோட குதிகாலுக்கு மேல பின் பக்க நரம்பு தடிப்பா முடிச்சு மாதிரி இருக்குமான்னு கேட்டாரு. எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. கால் பிடிச்சு விடறப்ப எத்தனை வருஷம் அந்த முடிச்சை தடவியிருக்கேன், செருப்பு உரசி காய்ச்சு போச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். கொலஸ்ட்ரால் அந்த இடத்துல படிஞ்சு அப்படி ஆகுமாம். ஒரு பேப்பரையும் என் ஞாபகத்தையும் வச்சு தாத்தாவுக்கு அதுதான்னு அடிச்சு சொல்ல முடியாதுன்னும் அவரே சொன்னாரு. தைராய்டு கொறஞ்சா கூட கொலஸ்ட்ரால் ஏறுமாம், அதனால எனக்கு ரெண்டும் சேத்து எடுத்தாங்க. தைராய்டு சரியா இருக்கு. எல்டிஎல் 204. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, நீ பயப்படாத, நான் நல்லாதான் இருக்கேன், படி ஏறினா மூச்சு கூட வாங்கல. பிரச்சினையே அதுதானாம், வெளியில எதுவும் காட்டாதாம்.

எனக்கு இது பரம்பரையா வந்திருந்தா உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா பாதிக்கு பாதி வாய்ப்பு இருக்கு. அவ எடுத்துட்டா, 112, பரவால்லன்னு சொல்லிட்டாரு. பாக்கி நீதான். நீ ஒல்லி, ஓடற, சிகரெட் தொட மாட்ட, எல்லாம் தெரியும். ஆனா இந்த வகை கொலஸ்ட்ரால் சாப்பாட்டுல கட்டுப்பாடா இருந்தா மட்டும் போதுமான அளவுக்கு இறங்காதுன்னு டாக்டர் சொன்னதால சொல்றேன், தாத்தாவும் உன்ன மாதிரி ஒல்லிதான். ஒரு லிபிட் டெஸ்ட்தான், ஒரு தடவை ரத்தம் குடுத்தா முடிஞ்சது.

ஃபோல்டர் இப்ப ஒண்ணே ஒண்ணுதான், நீல கலர். மொதல் பக்கத்துல அவ கையால ஒரே தாள்ல எழுதியிருக்கா, வருஷம், அப்ப தாத்தாவுக்கு என்ன வயசு, என்ன ஆச்சு, மொத்தமே பதினோரு வரி. அதுக்கு பின்னாடி அந்த 1998 பேப்பர், அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரிங்க, எக்கோ ரிப்போர்ட், கடைசி வருஷத்து டெஸ்ட். பில்லு, மருந்து கடை ரசீது எதுவும் உள்ள வைக்கல. தாத்தா ஓரத்துல எழுதின சீட்டு ஒண்ணு மட்டும் கடைசி பக்கமா வச்சிருக்கா, அது எதுக்குடின்னு கேட்டேன், உனக்குத்தாம்மான்னா.

மொதல் பக்கத்தையும் அந்த 1998 ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப சொல்லியிருக்கேன். போறப்ப டாக்டர் கிட்ட அப்படியே காட்டு, 61ன்னு சொல்லிடாத, 52. ரிசல்ட் வந்ததும் நல்லா இருக்கும்மான்னு மட்டும் சொல்லி வைக்காம பேப்பரையே போட்டோ எடுத்து அனுப்பு, தேதி தெரியற மாதிரி.

அம்மா