ஓரத்தில் நீளும் கை: திருமணப் புகைப்படக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புகைப்படக் கலைஞர்களுக்கு,

நீங்கள் எடுக்கும் படங்களை ஆல்பமாக வடிவமைப்பவன் எழுதுகிறேன். "ஓரத்தில்தானே இருக்கிறது, அழித்துவிடுங்கள்" என்று குறிப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. நடுவில் கிடக்கும் தண்ணீர்ப் பாட்டிலை எடுப்பது எளிது. ஓரத்தைத் தொடும் கைதான் ஒரு மாலைப்பொழுதையே விழுங்குகிறது.

அண்மையில் வந்த தாலி கட்டும் படத்தைச் சொல்கிறேன். பின்னால் மடிப்பு மடிப்பாகச் சந்தன நிறத் திரை. வலது ஓரத்திலிருந்து, கைபேசி பிடித்த ஒரு கை நீள்கிறது. போட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ் வேறோர் இடத்தின் இழையமைப்பை எடுத்து வந்து, சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும். நடுவில் கிடக்கும் பாட்டிலைச் சுற்றி நான்கு பக்கமும் பின்னணி இருக்கும். இந்தக் கைக்கு வலப்பக்கம் எதுவுமே இல்லை. தீட்டிய இடம் கையின் மிச்சத்தைத் தொட்டதும் தோலின் பழுப்பு, சாயம் போகும் துணியைப்போல் திரையில் ஊறிவிட்டது. கன்டென்ட் அவேர் ஃபில் முறையோ மணமகளின் சேலைச் சரிகையைத் திரையில் ஒட்டிவைத்தது. மாதிரி எடுக்கும் பகுதியிலிருந்து மணமகளை நீக்கிப் பார்த்தேன்; மிஞ்சியது இரண்டே மடிப்புத் திரை.

கடைசியில் கேன்வாஸை வலப்பக்கம் 400 பிக்சல் நீட்டினேன். அந்த இரண்டு மடிப்புகளைப் பிரதியெடுத்து, கையின் வெளிப்பாதியையும் புதிய வெற்றிடத்தையும் மூடும்படி வைத்தேன். இப்போது மிச்சக் கைக்கு இருபுறமும் திரை. அதைக் குளோன் ஸ்டாம்ப் கொண்டு மூடி, இணைப்புக் கோடுகளில் மட்டும் ஹீலிங் பிரஷ் ஓட்டி, நீட்டியதை வெட்டினேன். பிரதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப ஆசை வரும். திருப்பினால் ஒவ்வொரு மடிப்பின் நிழலும் விளக்கு இருக்கும் பக்கமே விழும். இவ்வளவுக்கும் பிறகு படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால், கை போயிருந்தது. திரையில் அதன் நிழல் மட்டும் நின்றது!

திரை என்பதால் இது முடிந்தது. அதே கை ஓர் அத்தையின் முகத்தில் பாதியை மறைத்திருந்தால், மறைந்த பாதி அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள். கோப்பை வெட்டி அனுப்பாதீர்கள். நீங்கள் வெட்டியெறியும் விளிம்பில்தான் கைக்கு அப்பாலுள்ள திரை இருக்கலாம். அதே இடத்திலிருந்து முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். கை அசைந்திருக்கும், திரை அசைந்திருக்காது. பக்கம் முழுக்க நிரம்பும் படமானால், விளிம்பில் 3 மில்லிமீட்டருக்குள் எட்டிப்பார்ப்பவற்றைக் குறித்தே அனுப்ப வேண்டாம். 300 டிபிஐயில் அது ஏறத்தாழ 35 பிக்சல். அச்சகத்தில் கத்தி அதைக் கொண்டுபோய்விடும்.

இப்படிக்கு,
ஓர் ஆல்பம் வடிவமைப்பாளன்