ஃப்ரிட்ஜ் பாலும் போர் பிளேட்டும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நுண்ணுயிரியல் பாடத்திட்டக் குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவச் செய்முறைத் தேர்வின் மூன்றாம் கேள்வி தங்களுக்கு நினைவிருக்கும். ‘ஐந்து நாள் ஃப்ரிட்ஜில் இருந்த பாக்கெட் பாலில் பாக்டீரியா எண்ணிக்கை காண்க’ என்றது கேள்வி. மாதிரியின்மேல் உருகிய அகார் ஊடகத்தை ஊற்றிக் கலக்கும் போர் பிளேட் முறையை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். உறைந்த அகாரின்மேல் மாதிரியைப் பரப்பும் ஸ்ப்ரெட் பிளேட் முறையை எழுதியவர்களுக்கு, காரணம் சரியாகச் சொல்லியிருந்தும், பாதிதான். ‘போர் பிளேட்டில் 1 மி.லி. எடுக்கிறோம், ஆகவே அதுவே துல்லியம். இரு முறைகளும் எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தும்’ என்ற விடைக்குறிப்பு வரி, செய்முறைக் கையேட்டிலிருந்து அப்படியே வந்தது. அந்த வரியை நீக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பால் பாக்கெட் வெட்டிய அன்று வேறு பொருள், ஐந்தாம் நாள் வேறு பொருள். பாஸ்டரைஸ் செய்த பாலில் மிஞ்சுபவை பெரும்பாலும் சூடு தாங்கிய பாக்டீரியாக்கள். எண்ணிக்கையும் குறைவு. நீர்த்த மாதிரியில் 1 மி.லி.யை வெறும் பெட்ரி தட்டில் விட்டு, 44 முதல் 47 டிகிரியில் இருக்கும் அகாரை 12 முதல் 15 மி.லி. ஊற்றிச் சுழற்றினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்குப் போர் பிளேட் மிகச் சரி. ஐந்து நாள் குளிரில் கிடந்த பாலில் ஆட்சி மாறியிருக்கும். வெப்பப்படுத்திய பின் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட சூடோமோனாஸ் வகைகள் குளிரிலும் பெருகி மேலோங்கியிருக்கும். குளிரிலேயே பழகிய செல்கள்மேல் 45 டிகிரி அகாரை ஊற்றினால் ஒரு பகுதி செத்துப்போகும், இன்னொரு பகுதி அடிபட்டுக் காலனி அமைக்காமலே நிற்கும். தப்பியவற்றுக்கும் நிம்மதி இல்லை. காற்று வேண்டிய இனம் அது. அகாருக்குள் புதைந்தால் ஆக்சிஜன் மெதுவாகத்தான் வந்து சேரும்.

அதனால்தான் போர் பிளேட்டில் மேற்பரப்புக்கு வந்த காலனிகள் வட்டமாக, பெரிதாக விரிந்திருக்க, உள்ளே புதைந்தவை பருப்பை நிறுத்தி வைத்ததுபோல் கூம்பிய சிறு வில்லைகளாக இருக்கின்றன. ஒரே இனமே இரண்டு உருவம் காட்டும். மாணவர்கள் அதை இரண்டு இனம் என்று ரெக்கார்டில் எழுதுகிறார்கள், நாமும் கையெழுத்துப் போடுகிறோம். ஸ்ப்ரெட் பிளேட்டில் எல்லாக் காலனியும் மேலேயே வளர்வதால் நிறமும் விளிம்பும் பளபளப்பும் தெரியும். வேண்டியதை ஊசியால் தொட்டு எடுக்கலாம். போர் பிளேட்டில் புதைந்ததை எடுக்க அகாரைத் தோண்ட வேண்டும்.

‘1 மி.லி.யே துல்லியம்’ என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடுவோம். ஐந்தாம் நாள் பாலை 10⁻⁴ வரை நீர்த்து, 0.1 மி.லி. பரப்பியதில் 62 காலனி என்று வையுங்கள். 62 ÷ (0.1 × 10⁻⁴) = 6.2 × 10⁶, அதாவது மி.லி.க்கு 62 லட்சம். 0.1-ஐ மறந்தால் விடை பத்தில் ஒரு பங்காகிவிடும். கையேட்டின் சூத்திரத்தில் பரப்பிய அளவுக்கு இடமே இல்லை. போர் பிளேட்டின் 1 மி.லி. உதவுவது எண்ணிக்கை குறைவான மாதிரியில்தான். 10⁻¹ நீர்ப்பில் போர் பிளேட்டின் ஒரு காலனி மி.லி.க்கு 10 என்றால், ஸ்ப்ரெட் பிளேட்டின் ஒரு காலனி 100. குடிநீருக்கும் அன்றைய பாக்கெட் பாலுக்கும் அந்த வித்தியாசம் பெரிது. லட்சக்கணக்கில் இருக்கும் பாலில் அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு பக்கத்தில் கையேடு ஸ்ப்ரெட் பிளேட்டிலும் 1 மி.லி. ஊற்றச் சொல்கிறது. சாதாரண 90 மி.மீ. தட்டு அவ்வளவு நீரைக் குடிக்காது. மேலே தேங்கிய நீரில் செல்கள் நீந்தி, மறுநாள் காலனிகள் ஒன்றோடொன்று கலந்து படலமாகிவிடும். 0.1 மி.லி. போதும். அதற்கும் தட்டை முன்பே உலர்த்த வேண்டும். பரப்பியபின் நீர் உறிஞ்சப்படும்வரை கவிழ்க்கக் கூடாது. ஆல்கஹாலில் தோய்த்து எரித்த எல் வடிவக் கண்ணாடிக் கம்பியை ஆறவிடாமல் தேய்த்தால், போர் பிளேட்டில் எதற்குப் பயந்தோமோ அதையே இங்கும் செய்தவர்களாவோம்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பல கல்லூரி ஆய்வகங்களில் வெப்பம் நிலைநிறுத்தும் வாட்டர் பாத் இல்லை. குடுவையைப் புறங்கையில் வைத்து, ‘தாங்குகிற சூடு’ வந்ததும் ஊற்றுவதுதான் முறை. கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் ஆறும், நடுவில் இருக்கும் அகார் இன்னும் கொதிப்பாகவே இருக்கும். ஊற்றியதும் மூடியின் உள்பக்கம் வியர்த்துக் கொட்டினால் சூடு அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். பயந்து காத்திருந்தால் 40 டிகிரிக்குக் கீழே அகார் கட்டிகட்டியாக உறையத் தொடங்கி, எது காலனி எது கட்டி என்றே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே வகுப்பில் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மாதிரி இல்லாத ஒரு குடுவையில் அகார் நிரப்பி, அதற்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கையேட்டில் ஒரு வரி போதும். காலனியை நான்கு வண்ணப் பென்சிலில் வரைய வேண்டும் என்று அரைப் பக்கம் எழுத இடம் இருந்திருக்கிறது, இதற்கு இல்லை. பெயரிலேயே போர் இருப்பதால் காயம் சகஜம் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே திரும்புகிறோம். ஸ்ப்ரெட் பிளேட்தான் உயர்ந்தது என்பது எங்கள் வாதமல்ல. இட்லி மாவின் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அதிகக் காற்று பிடிக்காது, எம்.ஆர்.எஸ். அகாரில் போர் பிளேட் செய்து, உறைந்தபின் மேலே மெல்லிய அகார் ஒன்று ஊற்றுவதே அவற்றுக்கு ஏற்றது. தட்டு முழுக்கப் படரும் பாக்டீரியா இருக்கும் என்று தெரிந்த மாதிரிக்கும் அந்த மேலடுக்கு உதவும். மிளகாய்த்தூளுக்கு நேர்மாறு: துகள்கள் அகாருக்குள் சிக்கிக் காலனிபோல் ஏமாற்றும், ஆகவே பரப்புவது நல்லது. அதிகம் நீர்க்காத பாலைப் போர் பிளேட் செய்தாலும் புரதத் திரிகள் இதே ஏமாற்று வேலையைச் செய்யும். ஒரு தட்டை இன்குபேட்டரில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, எண்ணும்போது ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மொத்த எண்ணிக்கைக்கான ஐ.எஸ்.ஓ. 4833 தரமே போர் பிளேட்டுக்கு ஒரு பாகம், மேற்பரப்பு முறைக்கு ஒரு பாகம் என்று இரண்டாகப் பிரிந்து, எந்த மாதிரிக்கு எது என்று சொல்கிறது. 30 டிகிரியில் 72 மணி நேரம் வைக்கவும் சொல்கிறது. நம் கையேட்டிலோ 37 டிகிரி, 24 மணி நேரம். குளிர்ப் பாலின் சூடோமோனாஸ்களில் பல 37-இல் வளரவே வளராது.

எனவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ‘எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தும்’ என்ற வரியை நீக்குங்கள். அந்த இடத்தில் மாதிரியைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடு என்று எழுதி, பரப்பும் அளவை 0.1 மி.லி. என்று திருத்தி, சூத்திரத்தில் அதற்கு இடம் கொடுங்கள். அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இது நடந்தால் நன்று. மூன்றாம் கேள்விக்கு ஸ்ப்ரெட் பிளேட் என்று காரணத்தோடு எழுதியவர்களின் தாள்களை மறுபடி திருத்தச் சொல்வது அதற்கும் முன்னால் நடக்க வேண்டும்; மறுமதிப்பீட்டுக் கட்டணத்தை அவர்களிடம் கேட்காமல்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் செய்முறை ஆசிரியர்கள் சிலர்