நாண் எப்படி ‘சைன்’ ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘சைன் என்றால் என்னப்பா அர்த்தம்?’ என்று கேட்டாள். பாடநூலில் விடை இல்லை. வட்டத்தின் நாணைச் சமஸ்கிருதத்தில் ‘ஜீவா’ என்றார்கள், வில்லின் நாண்தான். அரபு அறிஞர்கள் அந்த ஒலியை அப்படியே வாங்கி ‘ஜீப்’ என்று எழுதினார்கள். உயிர்க்குறி இடாத அரபியில் ‘ஜீப்’, ‘ஜைப்’ இரண்டும் ஒரே எழுத்துகள்தான். ‘ஜைப்’ என்றால் சட்டையின் மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் அந்தப் பொருளையே எடுத்து ‘சைனஸ்’ என்றார்கள்.

அக்காலத்தில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் ஒருவர் அரபு நூலை நாட்டுமொழியில் சொல்ல, இன்னொருவர் லத்தீனில் எழுதுவதும் உண்டு. இந்த நாணும் அப்படி யாரோ வாய்விட்டு வாசித்தபோதுதான் மடிப்பானதா? அரபு வாசகர்களிடமே முன்பே மாறிவிட்டதா? கணித வரலாறு அறிந்தவர்கள் உங்கள் மாணவர் பக்கத்தில் விளக்க வேண்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்