பிச்சிப்பூ பங்கு

தோவாளை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி. மார்த்தாண்டத்தில் நேந்திரங்குலை குறைவாக வந்த அன்று உன் கடையில் நடந்த சண்டையை வாசித்தபோது, போன ஆவணி முகூர்த்தத்தில் நான் பட்ட பாடு கண்முன் வந்தது.

மழையில் பிச்சி மொட்டு உதிர்ந்து 60 கிலோதான் வந்தது. கேட்டதோ 100. கொட்டாரத்து பூக்கார அக்காவுக்கு 5, சுசீந்திரத்தில் மாலை கட்டுகிறவருக்கு 10, வடசேரிக் கடைக்கு 20, தக்கலைக்காரருக்கு 30, திருவனந்தபுரத்து வியாபாரிக்கு 35. கேட்டதில் பத்துக்கு ஆறு வீதம் எல்லாருக்கும் கொடுத்தேன். அக்காவுக்கு 3, தக்கலைக்கு 18. நியாயம்தான் என்று நினைத்தேன்.

மறுநாளும் அதே 60 கிலோ. தக்கலைக்காரர் 30-க்குப் பதில் 60 கேட்டார். மொத்தம் 130 ஆனது. அவருக்குக் கிட்டத்தட்ட 28 கிலோ போனது, அக்காவுக்கு இரண்டே கால்தான் மிஞ்சியது. தட்டில் கிடந்த அந்தக் கொஞ்சப் பூவை அவள் துண்டில் கொட்டி முடிந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு பிசைந்தது. உண்மையைச் சொன்னவளுக்கு நான் தண்டனை கொடுத்திருக்கிறேன், கேட்டியா.

அதற்கப்புறம் சமமாக நிரப்பினேன். 60-ஐ ஐந்தாக வகுத்தால் தலைக்கு 12. அக்காவுக்கு 5 போதும், மாலைக்காரருக்கு 10 போதும். அவர்கள் கேட்டது முழுசாகப் போய்விடும். மிச்சம் 45-ஐ மற்ற மூன்று பேருக்கும் தலைக்கு 15. இனி தக்கலைக்காரர் 60 கேட்டாலும் 600 கேட்டாலும் 15தான். கூட்டிக் கேட்பது தானாக நின்றது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. நாலு நாளில் புது ஆள் ஒருவர் 15 கேட்டு வந்தார். இரண்டு மூட்டையும் ஒரே ஆட்டோவில் ஏறியபோதுதான் அவர் தக்கலைக்காரரின் மச்சினன் என்று தெரிந்தது. ஒரு வண்டிக்கு ஒரு கணக்கு என்று அன்றே சொல்லிவிட்டேன்.

திருவனந்தபுரத்துக்காரர் வருத்தப்பட்டதிலும் நியாயம் இருந்தது. வருஷம் முழுக்க தினமும் 35 எடுக்கிறவருக்கும் வடசேரிக்கும் ஒரே அளவா? உன் கடையில் சிறியவருக்கும் பெரியவருக்கும் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அதனால் நீ பழைய நோட்டை எடு. சரக்கு தாராளமாக வந்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை குலை எடுத்தார்கள் என்று பார்த்து, அந்த வீதத்தில் பங்கிடு. தட்டுப்பாடு வந்த நாட்களைச் சேர்க்காதே, அன்று அவர்கள் எடுத்தது நீ கொடுத்த அளவுதானே. இன்று கேட்பதைவிட அதிகமாக யாருக்கும் போக வேண்டாம், மிஞ்சினால் மற்றவர்களுக்குப் போகட்டும். நோட்டில் பக்கமே இல்லாத புது ஆளுக்கு முதலிலேயே இரண்டு மூன்று குலை ஒதுக்கி வை.

எந்த முறையானாலும் சரக்கு இறங்குமுன் எல்லாரிடமும் சொல்லிவிடு. இறங்கிய பிறகு சொன்னால் யாருக்கோ சாதகமாக மாற்றினாய் என்பார்கள்.

ஒரு மாதக் கணக்கை எழுதி அனுப்பு, இருந்து போட்டுப் பார்ப்போம். ஞாயிறு மத்தியானம் மார்க்கெட் ஓய்ந்திருக்கும், முடிந்தால் நேரில் வா. அம்மைக்குப் பிச்சி எடுத்து வைக்கிறேன்.

உன்,
பழைய கூட்டாளி