கூட்டுக் கிணற்றில் ஆறில் ஒரு பாகம் என்பது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் கிணற்றுத் தகராறு, பங்காளிகளுக்குள் அடிதடி என்ற செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. காரணம் ‘முன்விரோதம்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. கூட்டுக் கிணற்றில் பங்குள்ள விவசாயி என்ற முறையில், அந்த விரோதம் பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நாமக்கல், சேலம், ஈரோடு போன்ற பாறைப்பாங்கான மாவட்டங்களில் நிலத்தை அளந்து, கல் நட்டு, உட்பிரிவு செய்து ஆளுக்கொரு தனிப்பட்டா வாங்கிவிடலாம். கிணற்றை அப்படிப் பிரிக்க இயலாது. ஆகவே பத்திரத்தில், ‘பொதுக் கிணற்றில் 6-ல் 1 பாகமும், அதிலிருந்து நீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் உள்பட’ என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கிறார்கள். ஆறில் ஒன்று என்பது எதில் ஆறில் ஒன்று, நாளிலா, மணியிலா, நீரிலா, மோட்டாரிலா, செலவிலா என்பதை அந்த வரி சொல்வதில்லை. பத்திரம் எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்வரை வாய்ப்பேச்சே போதுமானதாக இருக்கிறது; அடுத்த தலைமுறையில் அது போதவில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இருவருக்கும் கிணற்றில் சரிபாதி. அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு நாளை ஒரு சுற்றாக வைத்தால் அண்ணன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு நாளும், தம்பி பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று நாளும் முறை வரும். அண்ணன் பிள்ளைகளில் ஒருவர் தம் நிலத்தில் பாதியை வெளியாருக்கு விற்கிறார் என்றால், வாங்கியவருக்குப் பன்னிரண்டில் ஒரு நாள் கிடைக்கும். கணக்கு என்னவோ சரிதான். ஆனால், முறை காலை ஆறு மணிக்கு மாறுகிறதா, மாலையில் மாறுகிறதா? தம் முறையன்று மும்முனை மின்சாரம் வரவில்லை என்றால் அந்த நாள் கழிந்துபோனதா, அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகுமா? மோட்டாரில் காயில் எரிந்தால் அன்றைக்கு ஓட்டியவர் கட்டுவதா, எல்லோரும் பங்குப்படி கட்டுவதா? இவற்றில் ஒன்றுக்கும் பத்திரத்தில் விடை இல்லை. மின் இணைப்போ பல கிணறுகளில் இன்னும் காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், நாள் கணக்கும் நீர்க் கணக்கும் ஒன்றல்ல என்பது. இருபதுக்கு இருபது அடிக் கிணற்றில் ஓர் அடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 11,300 லிட்டர். பத்தடி நின்றால் 1,13,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டுமானால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். எனவே பத்தடித் தண்ணீர் அரை ஏக்கருக்குச் சற்றே கூடுதலாகப் பாயும், அவ்வளவுதான். அதன்பின் ஊற்று ஊறும்வரை காத்திருக்க வேண்டும். பாறைக் கிணற்றில் ஊற்று மெதுவாகவே ஊறும். முதல் நாள் முறைக்காரர் இரவு வரை இறைத்துவிட்டால் மறுநாள் முறைக்காரருக்குக் கிடைப்பது சேறும் ஓரடித் தண்ணீரும்தான். பத்திரப்படி இருவருக்கும் ஒரே பங்கு.

இந்த ஏற்பாட்டில் தண்ணீரை மிச்சம் வைப்பவருக்கு எந்தப் பலனும் இல்லை. இன்று நான் விட்டுவைக்கும் தண்ணீர் நாளை எனக்குக் கிடைக்காது. அது அடுத்த முறைக்காரரின் வயலுக்குப் போய்விடும். ஆகவே பயிருக்கு வேண்டுமோ வேண்டாமோ, தம் முறையன்று அடிமட்டம் தெரியும்வரை எல்லோரும் இறைக்கிறார்கள். மின்சாரம் இலவசம் என்பதால் நிறுத்துவதற்கு வேறு காரணமும் இல்லை. தக்காளிக்கு வெயில் காலத்தில் சில நாளுக்கு ஒருமுறையாவது ஈரம் வேண்டும். சுற்றில் ஒரே ஒரு நாள் முறை உள்ளவர் அன்றைக்கே வயலில் தண்ணீரைத் தேக்கிவிட்டு, மீதி நாட்களில் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் நூறு சதவீத மானியத்தில் கிடைத்தும் கூட்டுக் கிணற்றுப் பங்காளிகள் பலர் அதை நாடாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். சொட்டுநீருக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்; எங்கள் முறையோ பல நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. அறியாமை என்று இதைச் சொல்வது எங்களுக்கு வேதனை தருகிறது.

சலித்துப்போன பங்காளி ஒருவர் கடைசியில் தம் பட்டா நிலத்தில், கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளி ஆழ்துளைக் கிணறு போட்டுவிடுகிறார். கிணற்றின் ஊற்று வற்றுகிறது. மற்றவர்கள் சட்டத்தை நாடினால் அங்கும் பெரிதாகப் பிடிமானம் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, குறிப்பிட்ட தடத்தில் ஓடாமல் நிலத்துக்கடியில் கசியும் நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நிலச் சொந்தக்காரருக்கும் உரிமை உண்டு. எனவே மற்றவர்களும் கடன் வாங்கி ஆளுக்கொரு போர் போடுகிறார்கள். முதலில் போட்டவரின் போரிலும் நீர் இறங்கிவிடுகிறது. அவர் இன்னும் ஆழமாகப் போகிறார். பாட்டன் காலத்தில் ஆள் வைத்து வெட்டி, கல் கட்டிய கிணறு குப்பை கொட்டும் குழியாகிறது. ஒரே ஊற்றுக்கு ஐந்து பேர் ஐந்து முறை செலவழித்தும் மொத்தத் தண்ணீர் ஒரு குடம் கூடுவதில்லை.

பாதியையாவது பத்திரத்திலேயே தடுக்கலாம். முறை மாறும் நேரம், மின்தடை நேரத்தை ஈடுகட்டும் விதம், தூர்வாரும், ஆழப்படுத்தும் செலவில் ஒவ்வொருவரின் பங்கு, பங்குத் தொகை கட்டாதவரின் முறையை என்ன செய்வது, கிணற்றைச் சுற்றி எத்தனை அடிக்குள் பங்காளிகள் யாரும் போர் போடக்கூடாது என்பவற்றைத் தனி அட்டவணையாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஆவணத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால், பின்னால் நிலத்தை வாங்குபவர் தமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். முடிந்த இடங்களில், முறையைவிட்டுத் தினமும் பொதுத் தொட்டிக்கு நீரேற்றி, பங்குக்கு ஏற்ற நேரம் வால்வைத் திறந்துவிடும் ஏற்பாட்டையும் எழுதிக்கொள்ளலாம். சொட்டுநீருக்கு அதுவே ஏற்றது. பத்திர எழுத்தர்களும் சார்பதிவாளர் அலுவலகங்களும் ‘மாமூல் பாத்தியம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த விவரங்களைக் கேட்டு வாங்கும் படிவம் ஒன்றைப் பதிவுத் துறை வகுத்துத் தர வேண்டும்.

ஆனால் பத்திரம் பங்காளிகளைத்தான் கட்டும். வேலிக்கு அப்பால் இருக்கும் அடுத்த தோட்டத்துக்காரரைக் கட்டாது. அதற்கு அரசின் சட்டம் வேண்டும். 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு, 2013-இல் நீக்கப்பட்டது. மீண்டும் அப்படியொரு சட்டம் வருமானால், புதுப் போருக்கு அனுமதி வழங்கும் முன் அருகிலுள்ள கூட்டுக் கிணற்றின் பங்குதாரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்ற விதியை அதில் சேர்க்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூட்டுக் கிணற்றுப் பங்குதாரர் ஒருவர்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.