வேட்டியை மடிக்கச் சொன்ன ஆயாம்மாவுக்கு

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டபாடு உங்களுக்கெல்லாம் தெரியும். ரத்தம் கொடுத்த நண்பர்கள், சோறு அனுப்பிய மாடிவீட்டு அக்கா, அர்த்தராத்திரியில் ஆட்டோ எடுத்து வந்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் வார்டில் இரவுப் பணி பார்த்த ஆயாம்மாவுக்கு.

கீழே சரிந்துவிட்ட அப்பாவை நான் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தபோது அவர் ஓடி வந்தார். "இழுக்காதே தம்பி. தோல் பாயோட ஒட்டிக்கும், எலும்புதான் நகரும். உள்ளாற சதை நைஞ்சு போயிடும்."

படுக்கைப் புண் இப்படித்தான் தொடங்குமாம். அப்பாவின் பழைய வேட்டியைப் பல மடிப்பாக்கித் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தார். இருவர் இருபுறமும் நின்று, ஓரத்தை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும்.

முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, 30 டிகிரி சாய்த்தால் போதும். வால் எலும்புக்கடியில் கை தாராளமாக நுழைய வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க.

ஒருநாள் காலை வால் எலும்பருகே தோல் சற்றுக் கருத்திருந்தது. பதறிப்போய் எண்ணெய் தேய்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார், அங்கே தேய்த்தால் நைந்த சதை இன்னும் நையும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, புறங்கையை வைத்துப் பார் என்றார். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் முதல் அடையாளம். அந்த இடத்தில் பாரமே விழக்கூடாது. கொப்புளம் வந்தாலோ தோல் உரிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முந்தின இரவு 1 மணிக்குக் கண்ணயர்ந்தவன் 5 மணிக்குத்தான் எழுந்தேன். என்னால்தான் வந்தது என்று அழுதேன். அதற்கு முன்தினம் அப்பாவைப் புரட்டும்போது அலுப்பில் கை முரட்டுத்தனமாகப் போனதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பகல்ல 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பு. காத்து மெத்தை இருக்குல்ல, ராத்திரி 4 மணி நேரம் விட்டுப் பார்ப்போம். காலைல தோலு சூடா இருந்தா நேரத்தைக் குறைச்சுக்க. நீ தூங்காட்டி உன் கை அவருக்கு வலிக்கும்."

தூங்குவதற்கு எனக்கு அனுமதி தந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கறுப்பு மூன்றாம் நாள் மறைந்தது.

புரட்டும்போது அப்பாவின் முகம் என் தோளில் சாய்கிறது. சிறுவயதுக்குப் பிறகு அவரை இவ்வளவு கிட்டத்தில் பிடித்ததில்லை. இனி அவசரமாகப் புரட்ட மாட்டேன்.

11 மணிக்கு இடப்பக்கம், 3 மணிக்கு வலப்பக்கம் என்று தாளில் எழுதித் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். ஆயாம்மா, ஒருநாள் வீட்டுக்கு வாங்க. அப்பா முதுகை ஒருதரம் நீங்கள் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.