கன்சியர்ஜ் மேசைக்கு மாறும் செல்வாவுக்கு

அன்புள்ள செல்வா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனி கவலை இல்லை. உன்னை ரிசப்ஷனிலிருந்து, கெஸ்ட்டுகளுக்குக் கார், வெளிச் சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து தரும் கன்சியர்ஜ் மேசைக்கு மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தி.நகர் ஹோட்டலில் உனக்கு அடிக்கடி வரப்போவது இதுதான்: வெளிநாட்டுக் குடும்பம், நாலு பேர், "நாளைக்கு மாமல்லபுரம் போகணும், தட்சிணசித்ராவும் பார்க்கணும், ராத்திரி நல்ல சாப்பாடு." உடனே டிராவல்ஸுக்குப் போன் போடாதே. முதலில் நாளைக்கு என்ன கிழமை என்று பார். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அது தெரியாமல் அனுப்பினால் முட்டுக்காட்டில் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

அடுத்தது கார். எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற லோக்கல் பேக்கேஜ் மலிவாகத் தெரியும். மாமல்லபுரம் போய்வரவே 110 கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும், பல டிராவல்ஸில் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி நிற்கும் வரை கணக்கு. கூடுதல் கிலோமீட்டர், கூடுதல் நேரம், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்ந்து பில் வரும்போது கெஸ்ட் டிரைவரிடம் அல்ல, உன்னிடம்தான் சண்டைக்கு வருவார். அதனால் வெளியூர் ரேட்டையும் கேட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டு. பணம் டிரைவரிடமா, ரூம் பில்லிலா என்பதையும் அதிலேயே எழுது. அன்றைக்கே ஏர்போர்ட் போகிறவர்கள் என்றால் பெட்டிகளை எண்ணிக்கொள், சிஎன்ஜி சிலிண்டர் வைத்த செடானின் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டுகூட ஏறாது.

காலை ஆறரைக்குக் கிளப்பிவிடு. ஐந்து ரதங்கள் பக்கம் நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் குழந்தைகள் சுருண்டுவிடுவார்கள். ரதங்கள், கடற்கரைக் கோயில் முடித்துத் திரும்பும் வழியில் தட்சிணசித்ரா, அது பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் கணக்கு சரியாக வரும். கெஸ்ட் கேட்டாலொழிய எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடு, கமிஷனுக்காக ஒரு மணி நேரத்தைக் கடையில் கழித்துவிடுவார்கள் சிலர்.

ராத்திரி சாப்பாட்டுக்கு மேசை சொல்லும்போது எத்தனை பேர், எத்தனை மணி என்பதோடு நிறுத்தாதே. யாருக்காவது நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று கேள், நம் ஊரில் சட்னியிலும் இருக்கும், எண்ணெயிலும் இருக்கும். சைவம் என்றால் முட்டை உண்டா, ஜைனர் என்றால் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. போனில் பேசியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டு உறுதி செய். ஈசிஆரில் வண்டி மாட்டிக்கொண்டால் டிரைவரிடம் கேட்டு, புதிய நேரத்தை ஓட்டலுக்கு நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா? லீவு கிடைக்காது என்றால் சொல், நான் வருகிறேன்.

அன்புடன்,
பாலு